போட்டோவில் ஒரு ஏ.சி. சுற்று: தொடர் ஒத்ததிர்வையும் ஃபேசரையும் படத்திலிருந்தே கணக்கிடுவது எப்படி?

ஒரு பிரெட்போர்டு போட்டோவைக் காட்டி, "இந்தச் சுற்றின் ஒத்ததிர்வு அதிர்வெண் என்ன? மின்னோட்டம் முந்துகிறதா, பிந்துகிறதா?" என்று கேட்டால், பெரும்பாலும் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். ரெசிஸ்டர், காயில், கெபாசிட்டர் மூன்றின் மதிப்பையும் படித்து, சூத்திரத்தில் போட்டு, விடை சொல்லிவிடுவார்கள். ஒத்ததிர்வு அதிர்வெண் ஏறக்குறைய சரியாகவே வரும். ஆனால் மின்னோட்டம், அது மின்னழுத்தத்தை எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்ற கட்டக் கோணம், ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மையானது என்று சொல்லும் Q மதிப்பு மூன்றும் தப்பாகப் போகும்.

காரணம் எளிது. படத்தில் தெரிவது மூன்று பாகங்கள். மின்னோட்டமோ ஐந்தைக் கடந்து வருகிறது. காயில் சுற்றப்பட்ட கம்பிக்கு ஒரு மின்தடை உண்டு. சிக்னல் ஜெனரேட்டருக்குள்ளும் ஒரு மின்தடை உண்டு. இந்த இரண்டையும் கேமரா காட்டாது. ஆனால் அதே படத்தில் ஆசிலோஸ்கோப் திரையும் விழுந்திருந்தால், அலையின் உயரத்தையும் கோணத்தையும் ஒரே அம்புக்கோடாகக் காட்டும் ஃபேசர் கணக்கை வைத்து இரண்டில் ஒன்றை வெளியே கொண்டுவந்துவிடலாம். அதைத்தான் இங்கே படிப்படியாகச் செய்யப் போகிறோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் படம்

மேசைக்கு நேர் மேலிருந்து எடுத்த போட்டோ. பிரெட்போர்டில் ஜெனரேட்டரின் சிவப்புக் கம்பியிலிருந்து தொடங்கி காயில், அடுத்து கெபாசிட்டர், கடைசியில் ரெசிஸ்டர், அதன் மறுமுனை கருப்புக் கம்பியில். ஜெனரேட்டர் திரையில் சைன் அலைக் குறி, 4.000 kHz, 5.000 Vpp. ஆசிலோஸ்கோப் திரையில் இரண்டு அலைகள்: CH1 மொத்தச் சுற்றின் மேல் உள்ள மின்னழுத்தம், CH2 ரெசிஸ்டரின் மேல் உள்ள மின்னழுத்தம். நேர அளவு ஒரு கட்டத்துக்கு 50 மைக்ரோவினாடி. CH1 ஒரு கட்டத்துக்கு 2 வோல்ட், CH2 ஒரு கட்டத்துக்கு 1 வோல்ட்.

சைன் குறி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஃபேசர் என்பது ஒரே அதிர்வெண்ணில் நிலையாக ஓடும் சைன் அலைக்கு மட்டுமே செல்லும். சதுர அலை கொடுத்திருந்தால் அதில் பல அதிர்வெண்கள் ஒன்றாக இருக்கும். கீழே வரும் ஃபேசர் கணக்கு அதற்குப் பொருந்தாது.

முதல் படி: பாகங்களின் மதிப்பைப் படிப்பது

ரெசிஸ்டரில் பழுப்பு, கருப்பு, பழுப்பு, தங்கம். அதாவது 100 ஓம், 5 சதவீதம் கூடவோ குறையவோ. மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பழுப்பும் சிவப்பும், சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலவே தெரியும். மூன்றாவது பட்டை பழுப்பா சிவப்பா என்பதில் தவறினால் 100 ஓம் 1000 ஓம் ஆகிவிடும். சந்தேகம் வந்தால் படத்தைப் பெரிதாக்கி, நிறம் நிச்சயமாகத் தெரிந்த இன்னொரு பொருளோடு, உதாரணமாக ஜெனரேட்டரின் சிவப்புக் கம்பியோடு, ஒப்பிட்டுப் பாருங்கள்.

கெபாசிட்டரில் 104J என்று அச்சிட்டிருக்கிறது. 10-க்குப் பின் நான்கு சுழி, அலகு பிக்கோஃபாரட். ஆக 1,00,000 பிக்கோஃபாரட், அதாவது 100 நானோஃபாரட். J என்றால் 5 சதவீதம். காயிலின் தலையில் 103 என்று இருக்கிறது. அங்கேயும் இதே முறைதான், ஆனால் அலகு மைக்ரோஹென்றி. 10,000 மைக்ரோஹென்றி என்றால் 10 மில்லிஹென்றி. ஒரே மாதிரி எண், இரண்டு வேறு அலகுகள். அவசரத்தில் இங்கேதான் கலங்கும். இன்னொரு குழப்பமும் உண்டு: சில காயில்கள் ரெசிஸ்டர் வடிவத்திலேயே, நிறப்பட்டைகளோடு வரும். உடல் சற்றுப் பருமனாக, பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். அதைப் பார்த்து "சுற்றில் காயிலே இல்லையே, இரண்டு ரெசிஸ்டர் இருக்கிறது" என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இரண்டாம் படி: தரைக் கிளிப் எங்கே இருக்கிறது?

கணக்குக்குள் போவதற்கு முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். சாதாரண மேசை ஆசிலோஸ்கோப்பில் எல்லா சேனல்களின் கருப்புக் கிளிப்பும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று இணைந்தவை. அவை மின்னிணைப்பின் எர்த்தோடும் இணைந்திருக்கும். பல ஜெனரேட்டர்களின் கருப்புக் கம்பியும் அதே எர்த்துக்குத்தான் போகிறது. ஆகவே இரண்டு புரோப்களின் கருப்புக் கிளிப்பும் சுற்றின் ஒரே புள்ளியில்தான் இருக்க வேண்டும், அந்தப் புள்ளி ஜெனரேட்டரின் கருப்பு முனையாகத்தான் இருக்க வேண்டும்.

நம் படத்தில் ரெசிஸ்டர் கடைசியில், தரைப் பக்கம் இருக்கிறது. CH2 புரோப்பின் முனை கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் சேரும் இடத்தில், கிளிப் தரையில். சரியான அமைப்பு. இதே சுற்றில் கெபாசிட்டரின் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டுமே என்று கிளிப்பை ரெசிஸ்டரின் மேல் முனையில் மாட்டினால் என்ன ஆகும்? எர்த் வழியாக ரெசிஸ்டர் ஷார்ட் ஆகிவிடும். திரையில் அழகான அலை வரும், எண்களும் வரும், ஆனால் அது வேறொரு சுற்றின் அலை. படத்தில் இரண்டு கருப்புக் கிளிப்புகள் இரண்டு வெவ்வேறு வரிசையில் மாட்டியிருப்பதைக் கண்டால், அதற்கு மேல் கணக்கிடாமல் நிறுத்திவிடுங்கள். கெபாசிட்டரின் மின்னழுத்தம் வேண்டுமென்றால், கெபாசிட்டரையும் ரெசிஸ்டரையும் இடம் மாற்றி, கெபாசிட்டரைத் தரைப் பக்கம் கொண்டுவந்து அளப்பதே வழி.

மூன்றாம் படி: ஒத்ததிர்வு அதிர்வெண்

காயிலும் கெபாசிட்டரும் ஏ.சி. மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்புதான் மின்மறுப்பு. காயிலின் மின்மறுப்பு அதிர்வெண்ணோடு ஏறும். கெபாசிட்டரின் மின்மறுப்பு அதிர்வெண் ஏற ஏற இறங்கும். இரண்டும் சமமாகும் இடம்தான் ஒத்ததிர்வு.

```
f0 = 1 / (2π √(L C))
L C = 10e-3 × 100e-9 = 1e-9
f0 = 5033 Hz
√(L/C) = 316 Ω
```

கடைசி வரியில் வரும் 316 ஓம், ஒத்ததிர்வின்போது காயிலுக்கும் கெபாசிட்டருக்கும் தனித்தனியே இருக்கும் மின்மறுப்பு. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், Q கணக்கில் திரும்ப வேண்டியிருக்கும்.

5033 என்பது அச்சிட்ட மதிப்புகளின்படி. காயிலுக்கு 10 சதவீதமும் கெபாசிட்டருக்கு 5 சதவீதமும் விலகல் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டால், உண்மையான ஒத்ததிர்வு 4.68 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5.44 கிலோஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். வர்க்கமூலம் இருப்பதால் விலகல் பாதியாகத்தான் பாதிக்கிறது; இருந்தும் இவ்வளவு அகலம். அதனால் படத்தை மட்டும் பார்த்து "5033 ஹெர்ட்ஸ்" என்று நான்கு இலக்கத்தில் விடை எழுதுவதில் பொருளில்லை. "சுமார் 5 கிலோஹெர்ட்ஸ்" என்பதே நேர்மையான விடை.

ஜெனரேட்டர் 4 கிலோஹெர்ட்ஸில் நிற்கிறது. ஒத்ததிர்வுக்குக் கீழே இருக்கிறோம். அங்கே கெபாசிட்டரின் மின்மறுப்புதான் ஓங்கி நிற்கும். மின்னோட்டம் மின்னழுத்தத்தை முந்த வேண்டும். திரையைப் பார்க்கும் முன்பே இதைச் சொல்லிவிடலாம். அப்புறம் திரை வேறு மாதிரி சொன்னால், எங்கோ பிழை இருக்கிறது என்று பிடித்துவிடலாம்.

நான்காம் படி: திரையிலிருந்து கோணத்தை எடுப்பது

ரெசிஸ்டரின் மின்னழுத்தமும் அதில் ஓடும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும். தொடர் சுற்று என்பதால் அதே மின்னோட்டம்தான் எல்லாப் பாகத்திலும். எனவே CH2-ஐ மின்னோட்டத்தின் படமாகவே கொள்ளலாம். 100-ஆல் வகுத்தால் ஆம்பியர்.

திரையில் நேரம் இடமிருந்து வலமாக ஓடுகிறது. ஆக இடப்பக்கம் இருக்கும் அலைதான் முந்தி வந்தது. "வலப்பக்கம் இருப்பது முன்னால் போகிறது" என்று கண் சொல்லும், நம்பாதீர்கள். நம் படத்தில் CH2 அலை CH1-க்குச் சற்று இடப்பக்கமாக இருக்கிறது. மின்னோட்டம் முந்துகிறது. எதிர்பார்த்ததுதான்.

கோணத்தை அளக்க அலையின் உச்சியைப் பயன்படுத்த வேண்டாம். உச்சி தட்டையாக இருக்கும், எந்தப் புள்ளி உச்சி என்று தீர்மானிக்கவே முடியாது. அலை நடுக்கோட்டை மேல்நோக்கி வெட்டும் இடம் செங்குத்தாக இருக்கும். அங்கே அளவு கூர்மையாகக் கிடைக்கும். இரண்டு அலைகளின் சுழிக்கோடும் திரையின் நடுக்கோட்டில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஓரத்தில் உள்ள சேனல் அம்புக்குறிகளைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒன்று மேலே தள்ளியிருந்தால் வெட்டும் இடம் நகர்ந்து, இல்லாத கோணத்தைக் காட்டும்.

படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்கிறோம். வெட்டும் இடத்துக்கு இருபுறமும் உள்ள இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடையே 120 பிக்சல். CH2 மேலே ஏறி வெட்டும் இடத்திலிருந்து CH1 வெட்டும் இடம் வரை 81 பிக்சல்.

```
81 / 120 = 0.675 கட்டம்
0.675 × 50 µs = 33.75 µs
T = 1 / 4000 = 250 µs
φ = 33.75 / 250 × 360° = 48.6°
```

கேமரா சற்றுச் சாய்ந்திருந்தால் திரையின் ஒரு பக்கக் கட்டங்கள் மறுபக்கத்தைவிடச் சிறிதாகத் தெரியும். அதனால்தான் திரை முழுவதற்கும் ஒரே அளவுகோலை வைக்காமல், வெட்டும் இடத்துக்குப் பக்கத்துக் கோடுகளையே அளவாகக் கொண்டோம். இந்தப் படத்தில் ஒரு பிக்சல் பிசகினால் கோணம் 0.6 பாகை மாறும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உயரங்களையும் படித்துவிடுவோம். CH1 நடுக்கோட்டிலிருந்து 2.1 கட்டம் ஏறுகிறது: 4.2 வோல்ட் உச்சம். CH2 2.15 கட்டம்: 2.15 வோல்ட் உச்சம். இங்கிருந்து கடைசி வரை எல்லாம் உச்ச மதிப்புகளே. ஜெனரேட்டரோ உச்சத்திலிருந்து எதிர் உச்சம் வரை காட்டுகிறது, மல்டிமீட்டர் ஆர்.எம்.எஸ். காட்டும். மூன்றையும் கலந்துவிட்டால் கணக்கு எங்கேயும் சேராது. புரோப்பில் உள்ள 1X, 10X சுவிட்சும் ஸ்கோப்பில் வைத்திருக்கும் அமைப்பும் ஒத்துப்போகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் உயரம் பத்து மடங்கு மாறித் தெரியும், கோணம் மட்டும் சரியாக இருக்கும்.

ஐந்தாம் படி: மறைந்திருக்கும் மின்தடை

மின்னோட்டம் 2.15 வோல்ட் வகுத்தல் 100 ஓம், அதாவது 21.5 மில்லிஆம்பியர். CH1-இன் 4.2 வோல்ட்டை அதால் வகுத்தால் மொத்த மின்னெதிர்ப்பு. அதைக் கோணத்தைக் கொண்டு மின்தடைப் பகுதி R, மின்மறுப்புப் பகுதி X என்று இரண்டாகப் பிரிக்கிறோம்.

```
Z = 4.2 / 0.0215 = 195 Ω
R = Z cos 48.6° = 129 Ω
X = −Z sin 48.6° = −146.5 Ω
```

R-ஐப் பாருங்கள். போர்டில் இருப்பது 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றுதான், ஆனால் மின்னோட்டம் உணர்வது 129 ஓம். அந்த 29 ஓம் காயிலுக்குள் இருக்கிறது. விரல் நுனி அளவுக் காயிலுக்குள் மெல்லிய கம்பியை நூற்றுக்கணக்கான சுற்றுகள் சுற்றித்தான் 10 மில்லிஹென்றி கொண்டுவருகிறார்கள். இவ்வளவு மின்தடை இயல்பே. காயிலைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் இதற்கு அருகில் ஒரு மதிப்பு வரும், பெரும்பாலும் சற்றுக் குறைவாக. மீட்டர் டி.சி.யில் அளக்கிறது, ஏ.சி.யில் காயிலின் ஃபெரைட் உள்ளகத்தில் நேரும் இழப்பும் மின்தடையாகவே வந்து சேர்ந்துகொள்கிறது. சுற்றுக் கணக்குக்கு வேண்டியது இந்த ஏ.சி. மதிப்புதான்.

CH1 ஜெனரேட்டரின் வெளிமுனையில் அளக்கிறது. அதனால் ஜெனரேட்டரின் உள்மின்தடை இந்த 129-க்குள் வராது. அது தனி. பெரும்பாலான சிக்னல் ஜெனரேட்டர்களில் அது 50 ஓம். திரையில் காட்டும் 5 Vpp என்பதும் வெளியே 50 ஓம் இணைத்திருப்பதாக எண்ணிக்கொண்டு காட்டும் எண். உள்ளே இருக்கும் உண்மையான மின்னியக்கு விசை அதன் இரு மடங்கு: 10 Vpp, அதாவது 5 வோல்ட் உச்சம்.

கணக்குக்கு வசதியாகக் காயில் மின்தடையை 30 ஓம் என்று முழுமையாக்கிக்கொள்வோம். ஆக முழு வளையத்தின் மின்தடை 100 + 30 + 50 = 180 ஓம்.

ஆறாம் படி: ஃபேசர் வரைவது

இப்போது எல்லா மதிப்பும் கையில் இருக்கிறது. முன்னோக்கிக் கணக்கிட்டு, திரையோடு ஒத்துவருகிறதா பார்க்கலாம்.

```
XL = 2π × 4000 × 10e-3 = 251.3 Ω
XC = 1 / (2π × 4000 × 100e-9) = 397.9 Ω
X  = 251.3 − 397.9 = −146.6 Ω
I  = 5 / √(180² + 146.6²) = 21.5 mA
```

ஒரு கட்டத்தாளில் 1 செ.மீ. = 1 வோல்ட் என்று வைத்து வரையுங்கள். தொடர் சுற்றில் எல்லாவற்றுக்கும் பொதுவானது மின்னோட்டம். எனவே மின்னோட்டத்தைக் கிடையாக வலப்பக்கம் பார்த்து வைப்பதுதான் வசதி. பலர் மின்னழுத்தத்தைக் கிடையாக வைத்துத் தொடங்கிவிட்டுத் திணறுவார்கள்.

ரெசிஸ்டரின் 2.15 வோல்ட்டை மின்னோட்டத்தின் மேலேயே வலப்பக்கம் வரையுங்கள். அதன் நுனியிலிருந்து காயில் மின்தடையின் 0.65 வோல்ட்டை அதே திசையில் நீட்டுங்கள், மொத்தம் 2.8 செ.மீ. அங்கிருந்து காயிலின் மின்மறுப்புக்கு உரிய 5.41 வோல்ட்டை நேர் மேலே ஏற்றுங்கள். அந்த நுனியிலிருந்து கெபாசிட்டரின் 8.57 வோல்ட்டை நேர் கீழே இறக்குங்கள். நீங்கள் நிற்கும் இடம் கிடைக்கோட்டுக்கு 3.16 செ.மீ. கீழே. தொடங்கிய புள்ளியிலிருந்து இந்த இடத்துக்கு ஒரு கோடு போட்டால் அதுதான் CH1.

```
V = √(2.8² + 3.16²) = 4.22 V
φ = atan(3.16 / 2.8) = 48.4°
```

திரையில் படித்தது 4.2 வோல்ட், 48.6 பாகை. பொருந்துகிறது.

இந்த வரைபடத்தில் நின்று பார்க்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. சுற்றுக்குக் கிடைப்பது 4.22 வோல்ட், கெபாசிட்டரின் மேல் மட்டும் 8.57 வோல்ட். எண்களைச் சாதாரணமாகக் கூட்டினால் 2.8 + 5.41 + 8.57 கிட்டத்தட்ட 17 வோல்ட் ஆகிவிடும். ஆனால் காயிலின் மின்னழுத்தம் மேலே இழுக்கும் அதே கணத்தில் கெபாசிட்டரின் மின்னழுத்தம் கீழே இழுக்கிறது. வெளியே தெரிவது இரண்டின் வித்தியாசம் மட்டுமே. ஆகவே கெபாசிட்டரின் தாங்குதிறனை, கொடுக்கும் மின்னழுத்தத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

காயிலின் இரு முனைகளுக்கு இடையே அளந்தால் 5.41 வராது. அங்கே 0.65-உம் 5.41-உம் சேர்ந்தே கிடைக்கும்: 5.45 வோல்ட், மின்னோட்டத்துக்கு 83 பாகை முன்னால். பாடநூல் வரைபடத்தில் காயிலின் ஃபேசர் சரியாக 90 பாகையில் நிற்கும். மேசையில் இருக்கும் காயில் ஒருபோதும் அப்படி நிற்காது.

கையால் போட்ட கணக்கைச் சரிபார்க்க, பைத்தானில் நான்கு வரி போதும்:

```
import cmath, math
w = 2*math.pi*4000
Z = 130 + 1j*(w*10e-3 - 1/(w*100e-9))
print(abs(Z), math.degrees(cmath.phase(Z)))
```

195.9-உம் −48.4-உம் வரும். குறைக்குறி, மொத்த மின்னெதிர்ப்பு கெபாசிட்டர் பக்கம் சாய்ந்திருப்பதைச் சொல்கிறது. ஏ.சி. சுற்றைச் சிக்கலெண்களால் இப்படிக் கையாளும் முறையை 1893-இல் சிகாகோ மின்னியல் மாநாட்டில் முன்வைத்தவர் சார்ல்ஸ் ஸ்டைன்மெட்ஸ். வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்த்துக்கொண்டிருந்த வேலையை அவர் கூட்டல் பெருக்கலாக்கினார்.

ஏழாம் படி: ஒத்ததிர்வில் எடுக்கும் இரண்டாவது படம்

இப்போது ஜெனரேட்டரின் அதிர்வெண்ணை மெல்ல ஏற்றி ஒத்ததிர்வுக்குக் கொண்டுபோய் இன்னொரு போட்டோ எடுக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

மின்னோட்டம் உச்சத்தைத் தொடும் இடம் என்று தேடலாம், ஆனால் அந்த உச்சம் மழுங்கலானது. பத்து இருபது ஹெர்ட்ஸ் இப்படி அப்படி நகர்ந்தாலும் உயரம் மாறுவது தெரியாது. கெபாசிட்டரின் மின்னழுத்தம் அதிகபட்சமாகும் இடம் என்று தேடினால் இன்னும் மோசம். இந்தச் சுற்றில் அது 4.6 கிலோஹெர்ட்ஸுக்கு அருகிலேயே வந்துவிடும். Q குறைவாக உள்ள சுற்றில், ஒத்ததிர்வுக்குக் கீழே போகும்போது மின்னோட்டம் குறைவதைவிட வேகமாகக் கெபாசிட்டரின் மின்மறுப்பு ஏறுகிறது. இரண்டின் பெருக்கல் முன்னதாகவே உச்சம் தொட்டுவிடுகிறது. கெபாசிட்டரின் மேல் புரோப்பை வைத்து ஒத்ததிர்வைத் தேடினால் 400 ஹெர்ட்ஸுக்கும் மேல் பிசகும்.

சரியான அளவுகோல் கோணம். ஸ்கோப்பை X-Y முறைக்கு மாற்றுங்கள். CH1-உம் CH2-உம் சேர்ந்து ஒரு சாய்ந்த நீள்வட்டம் வரும். அதிர்வெண்ணை ஏற்ற ஏற்ற அது ஒல்லியாகி, ஒத்ததிர்வில் ஒரே சாய்கோடாக மடிந்துவிடும். தாண்டினால் மீண்டும் விரியும். கோடாக மடியும் அந்த அதிர்வெண்தான் f0.

அங்கே எடுத்த படத்தில் இரண்டு அலைகளும் நடுக்கோட்டை ஒரே இடத்தில் வெட்டும். மின்னோட்டம் 5 வகுத்தல் 180, அதாவது 27.8 மில்லிஆம்பியர். CH2 2.78 வோல்ட்டுக்கு ஏறியிருக்கும். CH1-ஐப் பார்த்தால் அது 4.22-லிருந்து 3.61 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். ஜெனரேட்டரின் மின்னழுத்த அளவை யாரும் தொடவில்லை; மின்னோட்டம் கூடியதால் உள்ளே இருக்கும் 50 ஓம் கூடுதலாக விழுங்குகிறது. CH1 இப்படிக் குழிவது ஒத்ததிர்வின் நல்ல அடையாளம்.

இன்னொன்று: காயிலுக்கு மின்தடையே இல்லையென்றால் ஒத்ததிர்வில் CH1-உம் CH2-உம் ஒரே வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இங்கே 2.78-க்கு 3.61. இந்த விகிதம் 100-க்கு 130. முதல் படத்தில் கோணத்திலிருந்து கண்டுபிடித்த 30 ஓம், இரண்டாவது படத்தில் வெறும் உயரத்திலிருந்தே கிடைக்கிறது. இரண்டு வழியும் ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் முதல் படத்தில் சுழிக்கோடு பிசகியிருக்கும். அலை சைன் போல இல்லாமல் முனை கூர்ந்தோ நெளிந்தோ தெரிந்தால், காயிலின் உள்ளகம் பூரிதமாகிறது என்று பொருள். ஜெனரேட்டரின் அளவைக் குறைத்து மறுபடி எடுங்கள்.

Q எத்தனை?

இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் வருகின்றன. 316-ஐ ரெசிஸ்டரின் 100-ஆல் வகுத்தால் 3.16. காயிலையும் சேர்த்து 130-ஆல் வகுத்தால் 2.43. ஜெனரேட்டரையும் சேர்த்து 180-ஆல் வகுத்தால் 1.76. முதலாவது, போட்டோவில் தெரிவதை மட்டும் நம்பியவரின் விடை. மேசையில் அதை எங்கேயும் அளக்க முடியாது. CH2-ஐ CH1-ஆல் வகுத்து வரைபடம் போட்டால் இரண்டாவது கிடைக்கும். CH2-ஐ மட்டும் வரைந்தால் மூன்றாவது. அளந்தது எது என்று எழுதாமல் Q மட்டும் எழுதினால், அடுத்தவர் கணக்கோடு அது சேராது.

மூன்றாவது வழியில் பட்டை அகலம் 180-ஐ 2πL-ஆல் வகுத்தது: 2865 ஹெர்ட்ஸ். மின்னோட்டம் உச்சத்தின் 0.707 பங்காக, அதாவது 19.6 மில்லிஆம்பியராகக் குறையும் இடங்கள் 3.80 கிலோஹெர்ட்ஸும் 6.67 கிலோஹெர்ட்ஸும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 5.23 வரும், அது f0 அல்ல. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால்தான் 5.03 வரும். Q பெரிதாக இருக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணில் படாது. இங்கே நன்றாகவே தெரிகிறது.

L, C இரண்டையும் பிரித்தெடுப்பது

4 கிலோஹெர்ட்ஸ் படம் X-ஐத் தந்தது. ஆனால் அதிலிருந்து காயிலின் மதிப்பு எவ்வளவு, கெபாசிட்டரின் மதிப்பு எவ்வளவு என்று தனித்தனியே சொல்ல முடியாது. ஒரு சமன்பாடு, தெரியாதவை இரண்டு. ஒத்ததிர்வுப் படம் இரண்டாவது சமன்பாட்டைத் தருகிறது. X-Y கோடு 5.03 கிலோஹெர்ட்ஸில் மடிந்தது என்று வைத்துக்கொள்வோம். கீழே f என்பது முதல் படத்தின் 4 கிலோஹெர்ட்ஸ், ω என்பது 2πf.

```
X = ωL (1 − (f0/f)²)
−146.5 = ωL (1 − (5.03/4)²) = −0.581 ωL
ωL = 252 Ω  →  L = 10.03 mH
C = 1 / ((2π × 5030)² × L) = 99.8 nF
```

அச்சிட்ட எண்களை நம்பாமலே காயில், கெபாசிட்டர், காயிலின் மின்தடை மூன்றும் இரண்டு போட்டோக்களிலிருந்து கிடைத்துவிட்டன. இந்தக் கடைசிக் கணக்கு f0-ஐ மிகக் கூர்மையாகக் கேட்கும். 5.03-க்குப் பதில் 5.00 என்று படித்தால் L 10.36 மில்லிஹென்றி ஆகிவிடும்: அதிர்வெண்ணில் 0.6 சதவீதப் பிழை, விடையில் 3 சதவீதத்துக்கும் மேல். அதனால் ஒத்ததிர்வுப் படம் எடுக்கும்போது நீள்வட்டம் முழுதாக மடிந்த பிறகே எடுங்கள், ஜெனரேட்டரின் அதிர்வெண் எண் கடைசி இலக்கம் வரை படிக்கும்படி போட்டோவில் விழட்டும். முதல் படத்தை f0-க்கு மிக அருகில் எடுக்காமல், கோணம் 45 பாகைக்குக் குறையாத அளவு தள்ளி எடுப்பதும் இதற்காகவே. அருகில் போகப் போக X சிறிதாகி, ஒரு பிக்சல் பிழைகூட L-ஐப் பெரிதாக நகர்த்திவிடும்.